ஆய்வகக் குறிப்பேடு: அளந்ததும் தவறியதும்

ஆய்வகக் குறிப்பேடு என்பது சோதனை நடக்கும் மேசையிலேயே, நடக்கும் நேரத்திலேயே எழுதப்படும் ஏடு. செய்தது என்ன, கருவி காட்டியது என்ன, எங்கே பிசகியது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அறிக்கை பின்னால் வருவது. சில நாளோ சில மாதமோ கழித்து அதை எழுத உட்காரும்போது, சோதனையின் பொதுவான போக்கு மட்டுமே மனத்தில் நிற்கும். எந்தப் பாட்டிலிலிருந்து கரைசல் எடுக்கப்பட்டது, 20 மி.லி. பிப்பெட்டா 25 மி.லி. பிப்பெட்டா, மூன்றாவது முறை ஏன் நான்காவது முறையும் செய்ய வேண்டிவந்தது என்பதெல்லாம் மறந்துபோகும். அறிக்கையின் விடையோ இந்த மறந்துபோகும் விவரங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டு நோட்டுகள் பழக்கம். ஒன்று அப்சர்வேஷன் நோட்டு. ஆய்வகத்துக்குள் கொண்டுபோய், அளவீடுகளை எழுதி, வெளியே வருமுன் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. மற்றொன்று ரெக்கார்டு நோட்டு. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக, படங்களைப் பென்சிலில் வரைந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது. மதிப்பெண்ணும் மரியாதையும் பெரும்பாலும் இரண்டாவதற்கே போவதால், முதல் நோட்டு 'ரஃப்' என்று தாழ்ந்துவிட்டது. ஆய்வகக் குறிப்பேடு என்ற பெயருக்கு உரியது உண்மையில் அப்சர்வேஷன் நோட்டுதான். ரெக்கார்டு ஓர் அறிக்கை. முதல் நோட்டில் இல்லாத எதையும் அது நேர்மையாகச் சொல்ல முடியாது. எனவே கவனம் முழுவதும் முதல் நோட்டுக்கே போக வேண்டும். அதில் அழகு தேவையில்லை, தெளிவுதான் தேவை.

இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு சோதனையைப் பின்தொடர்ந்து பார்ப்பது எளிது. கடையில் வாங்கிய வினிகரில் எவ்வளவு அசெட்டிக் அமிலம் இருக்கிறது என்று தரம்பார்த்தல் முறையில் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். கீழே கூம்புக் குடுவையில் நீர் சேர்த்த வினிகர். அதில் இரண்டு சொட்டு பினால்ஃப்தலீன். காரம் சொட்டுச் சொட்டாக இறங்கி, அமிலம் தீர்ந்த கணத்தில் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகும். அதுவரை இறங்கிய காரத்தின் அளவிலிருந்து அமிலத்தின் அளவு தெரியும்.

முதலில் ஏட்டைப் பற்றிச் சில விவரங்கள். தைத்துக் கட்டிய நோட்டாக இருக்க வேண்டும். ஸ்பைரல் நோட்டிலும் தனித்தாளிலும் ஒரு பக்கம் கிழிந்தால் கிழிந்தது தெரியாது. வாங்கிய அன்றே எல்லாப் பக்கங்களுக்கும் எண் போட்டுவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விட்டுவைக்க வேண்டும். எழுதுவது பேனாவில், தண்ணீர் பட்டால் கரையும் மையைவிட பால்பாயின்ட் நல்லது. ஆய்வக மேசையில் தண்ணீர் சிந்தாத நாள் கிடையாது. பென்சில் கூடாது, ஏனென்றால் அதை அழிக்கலாம். இவ்வளவுதான் ஏட்டின் இலக்கணம்.

சோதனைக்கு முன்னால் எழுதவேண்டியது கொஞ்சம் உண்டு: தேதி, நோக்கம் ஒரு வரியில், செய்யவிருக்கும் முறை, தேவைப்படும் அளவுகள். இங்கே ஒரு பழக்கம் பெரிதும் உதவும். விரித்த நோட்டின் இடப்பக்கத்தில் செய்யவேண்டியதை எழுதுவது, வலப்பக்கத்தில் செய்ததை எழுதுவது. பார்க்கச் சின்ன ஏற்பாடாகத் தோன்றினாலும், பாடப்புத்தகச் செய்முறையை அப்படியே நகலெடுத்துவிட்டு 'இப்படித்தான் செய்தேன்' என்று நம்பிவிடும் வழக்கத்தை இதுவே தடுக்கிறது. இடப்பக்கம் 'உப்பை 110 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தவும்' என்று இருக்கும். வலப்பக்கம் 'மின்சாரம் நின்றது. உலர்த்தியது 1 மணி 20 நிமிடம்' என்று இருக்கும். பின்னால் விடை சற்று விலகினால் எங்கே தேடவேண்டும் என்பது அந்த வலப்பக்க வரியில் இருக்கிறது. செய்முறை நினைத்தபடியே நடந்தால், 'இடப்பக்கப்படி' என்று ஒரு சொல் போதும். மாறிய இடங்களைத்தான் முழுதாக எழுத வேண்டும்.

வினிகர் சோதனையில் முதல் வேலை வினிகரைத் தொடுவதல்ல, காரக் கரைசலின் செறிவை உறுதிசெய்வது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். 4 கிராமை எடைபோட்டு ஒரு லிட்டரில் கரைத்தால் சரியாக 0.1 மோலார் கிடைத்துவிடாது. பாட்டில் மேல் ஒட்டிய சீட்டில் '0.1 M' என்று இருப்பது தோராயம் மட்டுமே. அதனால் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற உப்பைத் துல்லியமாக எடைபோட்டு, அதற்கு எதிராகக் காரத்தைத் தரம்பார்க்கிறார்கள். அந்த உப்பு சுத்தமாகக் கிடைக்கும், ஈரத்தை எளிதில் இழுக்காது, அதன் மோலார் நிறை 204.22 கிராம்.

இந்தக் கட்டத்தில் குறிப்பேட்டின் வலப்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

காலை 10.20. NaOH பாட்டில்: சீட்டில் 'சுமார் 0.1 M', தயாரித்தது 3 நாள் முன்பு. மூடி ரப்பர், இறுக்கமாக இருந்தது.
தாலேட் உப்பு டெசிக்கேட்டரிலிருந்து எடுத்தது. தராசு எண் 2.
எடைபோடும் குப்பி + உப்பு: 14.8237 கி.
உப்பைக் கொட்டிய பின் குப்பி: 14.3118 கி.
கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர் சுமார் 50 மி.லி. பினால்ஃப்தலீன் 2 சொட்டு.
பியூரெட் 50 மி.லி. தொடக்கம் 0.35, முடிவு 25.60.
நிறம் 30 வினாடிக்கு மேல் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, எடுத்த உப்பு 0.5119 கிராம் என்றோ இறங்கிய காரம் 25.25 மி.லி. என்றோ இந்த வரிகளில் இல்லை என்பதே. இருப்பவை கண் பார்த்த எண்கள் மட்டும்: குப்பியின் இரண்டு எடைகள், பியூரெட்டின் இரண்டு அளவீடுகள். இவைதான் மூலத் தரவு. கழித்து வந்த 0.5119-உம் 25.25-உம் கணக்கு. அவற்றை அடுத்த வரியில், கணக்கு என்று தெரியும்படி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் மூல எண்ணை எழுதாமல் மனக்கணக்காகக் கழித்து விடையை மட்டும் எழுதினால், கழித்தலில் பிழை நேர்ந்திருந்தாலும் அதை யாராலும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. 25.60-இலிருந்து 0.35-ஐக் கழித்து 25.35 என்று எழுதிவிடுவது பசி நேரத்தில் எவருக்கும் நடக்கும். இரண்டு எண்களும் ஏட்டில் இருந்தால் ஒரு வருடம் கழித்தும் திருத்தலாம்.

எண்ணை எழுதும் விதத்திலும் செய்தி இருக்கிறது. பியூரெட்டின் மிகச் சிறிய கோடு 0.1 மி.லி. கோடுகளுக்கு இடையில் கண்ணால் மதிப்பிட்டு 0.05 வரை படிக்கிறார்கள். அப்படியானால் சரியாகக் கோட்டில் நிற்கும் அளவை '25' என்று எழுதக்கூடாது, '25.00' என்றே எழுத வேண்டும். '25' என்று பார்க்கும் ஒருவருக்கு அது அளவுச்சாடியில் படித்ததா பியூரெட்டில் படித்ததா என்று தெரியாது. அந்த இரண்டு சுழியங்களும் எந்தக் கருவியில் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப்பட்டது என்பதைச் சொல்கின்றன. தராசு 14.3110 என்று காட்டினால் கடைசிச் சுழியத்தையும் சேர்த்து எழுத வேண்டியதும் இதனால்தான்.

'நிறம் 30 வினாடிக்கு மேல் நின்றது' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. முடிவு நிலையில் வந்த இளஞ்சிவப்பு, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய மெல்ல வெளுத்துவிடும். வெளுத்ததைப் பார்த்து இன்னொரு சொட்டு விட்டவரும், முதல் இளஞ்சிவப்பிலேயே நிறுத்தியவரும் ஒரே முடிவு நிலையை அளக்கவில்லை. எதை முடிவாகக் கொண்டது என்று ஒரு முறையாவது எழுதியிருந்தால்தான் மூன்று அளவீடுகளையும் ஒப்பிட அர்த்தம் இருக்கும்.

மூலத் தரவு நேராக ஏட்டில்தான் இறங்க வேண்டும். உள்ளங்கையிலும், வடிதாளின் ஓரத்திலும், பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்திலும் எழுதிக்கொண்டு 'அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்' என்பது ஆய்வகங்களில் மிகப் பரவலான நோய். ஏற்றும்போது 18.95 என்பது 19.85 ஆகிவிடும். அதைவிட மோசமானது, ஏற்றும்போது தேர்ந்தெடுக்கும் மனம் வந்துவிடுவது. ஒத்துப்போகாத எண் நோட்டுக்குள் வராமலே போய்விடும். தவறிப்போய்த் துண்டுத்தாளில் எழுதிவிட்டால், அந்தத் தாளையே தேதிபோட்டு ஏட்டில் ஒட்டிவிடுவது நல்லது. தராசிலிருந்து அச்சாகி வரும் சீட்டு பெரும்பாலும் பேருந்து டிக்கெட் போன்ற வெப்பத்தாள். அதன் எழுத்து மங்கி மறையும். அதை ஒட்டுவதோடு, எண்ணைப் பக்கத்தில் கையாலும் எழுதிவைக்க வேண்டும்.

முதல் முறைக்கான கணக்கு இது: 0.5119 கிராமை 204.22-ஆல் வகுத்தால் 2.5066 மில்லிமோல் உப்பு. அதே அளவு காரம் 25.25 மி.லி.யில் இருந்திருக்கிறது. ஆகவே காரத்தின் செறிவு 0.09927 மோலார். இரண்டாவது முறை உப்பு 0.4986 கிராம், காரம் 24.60 மி.லி., செறிவு 0.09925. இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன. மூன்றாவது முறை உப்பு 0.5243 கிராம், பியூரெட் 0.20-இலிருந்து 26.50 வரை, அதாவது 26.30 மி.லி. செறிவு 0.09762. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் சதவீதம் குறைவு.

இங்கேதான் குறிப்பேடு வேலை செய்யத் தொடங்குகிறது. மூன்றாவது முறையின் வரிகளுக்கு நடுவே, கணக்குப் போடுவதற்கு வெகு முன்னதாகவே, ஒரு குறிப்பு இருக்கிறது என்று கொள்வோம்: 'காலை 11.45. பியூரெட் முனையில் குழாய்க்குக் கீழே காற்றுக்குமிழி இருந்ததைக் கவனிக்கவில்லை. சுமார் 10 மி.லி. இறங்கியபோது வெளியேறிவிட்டது. முறை 3 தொடர்ந்தது.' குமிழி வெளியேறியபோது அதன் இடத்தைக் காரம் நிரப்பியது. அந்தக் காரம் பியூரெட்டில் இறங்கியதாகக் கணக்காகும், ஆனால் குடுவையில் விழவில்லை. காரத்தின் கனஅளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். செறிவு குறைவாக வரும். விலகல் எந்தத் திசையில் போயிருக்க வேண்டுமோ அந்தத் திசையில்தான் போயிருக்கிறது. உண்மைச் செறிவை 0.0993 என்று வைத்துப் பார்த்தால் அதிகமாகப் படித்தது அரை மி.லி.க்குச் சற்றுக் குறைவு. பியூரெட் முனையில் தங்கும் குமிழியின் அளவுக்கு இது பொருந்தக்கூடியதே. ஆக, காரணம், திசை, அளவு மூன்றும் ஒத்துப்போகின்றன. நான்காவது முறை குமிழியை நீக்கிவிட்டுச் செய்தபோது உப்பு 0.5072 கிராமுக்குக் காரம் 25.00 மி.லி., செறிவு 0.09934.

அறிக்கையில் மூன்றாவது முறையை விட்டுவிட்டு மற்ற மூன்றின் சராசரி 0.09929 மோலாரை எடுத்துக்கொள்ளலாம். அதை மறைக்கத் தேவையில்லை. 'நான்கு முறை செய்யப்பட்டது. மூன்றாவது முறையில் பியூரெட் முனையில் குமிழி இருந்ததால் அது சராசரியில் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வாக்கியம் எழுதி, அந்த எண்ணையும் அட்டவணையில் காட்டிவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: குமிழி பற்றிய குறிப்பு விடை தெரிவதற்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். விடை ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகு 'குமிழி இருந்திருக்கலாம்' என்று நினைவுக்கு வருவது சான்றாகாது, அது ஆசை. நேரம் போட்டு எழுதும் பழக்கம் ஏன் வேண்டும் என்பது இந்த இடத்தில் நன்றாக விளங்கும். அப்படி எந்தக் குறிப்பும் இல்லாத நிலையில் ஓர் எண் விலகி நின்றால், அதை வைத்துக்கொண்டும் நீக்கிவிட்டும் இரண்டு விதமாகவும் கணக்கிட்டுக் காட்டுவதே நேர்மை. விலகல் எதேச்சையாக வரக்கூடியதைவிடப் பெரிதா என்று சொல்லப் புள்ளியியல் சோதனைகள் உண்டு. ஆனால் அவை ஏன் விலகியது என்று சொல்வதில்லை.

தவறுகளைப் பதிவு செய்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எழுத்துப்பிழை: 26.50-ஐ 25.60 என்று எழுதிவிட்டு உடனே கவனிப்பது. அதன்மேல் ஒரே ஒரு கோடு, கீழே உள்ளது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியான எண், சுருக்கெழுத்துக் கையொப்பம், தேதி, 'தவறாகப் படித்தது' என்பது போல ஒரு சொல்லில் காரணம். கிறுக்கி மறைப்பதும் வெள்ளை மை பூசுவதும் எண்ணின்மேல் எண்ணை எழுதி 5-ஐ 6 ஆக்குவதும் கூடாது. அடித்த எண்ணே பின்னால் சரியென்று தெரியவரும் சந்தர்ப்பங்கள் அபூர்வமல்ல. இரண்டாவது வகை செயலில் நேர்ந்த தவறு: குமிழி, சிந்திய சொட்டு, சேர்க்க மறந்த நிறங்காட்டி. அதற்கு அடித்தலே கிடையாது. நடந்தது நடந்தபடி எழுதப்பட்டு, அந்த முறையின் எண்கள் அப்படியே நிற்க வேண்டும்.

பல மாணவர்களுக்கு இந்த இரண்டாவது வகையை எழுதக் கை வருவதில்லை. காரணம் அவர்கள் அல்ல. மூன்று அளவீடுகளும் அச்சடித்ததுபோல் ஒத்திருந்தால்தான் மதிப்பெண் என்று வளர்க்கப்படும் இடத்தில், மூன்றாவது அளவீட்டைச் 'சரிசெய்வது' கற்றுக்கொள்ளப்படும் முதல் திறமையாகிவிடுகிறது. மனிதக் கண் படிக்கும் பியூரெட்டில் மூன்று முறையும் 0.05 மி.லி. கூட மாறாமல் வருவதுதான் சந்தேகப்பட வேண்டியது. திருத்தும் ஆசிரியர் விடைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், குமிழியைக் கவனித்து நேரத்தோடு எழுதிய வரிக்கும் மதிப்பெண் தந்தால் இந்தப் பழக்கம் ஒரே பருவத்தில் மாறிவிடும்.

எண்களை விட்டுவிடும் உரிமை எதுவரை என்ற கேள்வி பெரிய விஞ்ஞானிகளையும் விட்டதில்லை. எலக்ட்ரானின் மின்சுமையை எண்ணெய்த்துளிகள் கொண்டு அளந்த ராபர்ட் மில்லிகன் 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவீடுகள் இருந்தன. இவை தேர்ந்தெடுத்த துளிகள் அல்ல, அறுபது நாட்களில் ஆராய்ந்த துளிகள் எல்லாமே இவைதாம் என்று அதில் அவர் எழுதினார். அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகள் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட துளிகள் இருப்பதை வரலாற்றாசிரியர்கள் பிற்பாடு எடுத்துக்காட்டினார்கள். சில பக்கங்களின் ஓரத்தில், இது அழகான துளி, வெளியிட வேண்டும் என்ற தொனியிலும், இதில் ஏதோ பிசகு, பயன்படுத்துவதில்லை என்ற தொனியிலும் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் உள்ளன. விட்ட துளிகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் விடை அதிகம் மாறியிருக்காது, பிழை எல்லைதான் அகன்றிருக்கும் என்று அந்தக் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். துளிகளை விட்டதற்குக் கருவி சார்ந்த நியாயங்களும் இருந்திருக்கலாம். பிசகு, விட்டதைச் சொல்லாமல் எல்லாமே இதுதான் என்று எழுதியதில் இருக்கிறது. மில்லிகனைப் பற்றி இவ்வளவு நிதானமாக இன்று தீர்ப்புச் சொல்ல முடிவதும் அவர் குறிப்பேட்டில் எதையும் அழிக்காததால்தான்.

மில்லிகனின் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு, மூலத் தரவின் மதிப்பைக் காட்டும் பக்கம். அவர் கண்ட மின்சுமை இன்றைய அலகில் சுமார் 1.592 × 10⁻¹⁹ கூலும். உண்மை மதிப்பு 1.602 × 10⁻¹⁹. குறைவு 0.6 சதவீதம். துளிகளைத் தேர்ந்தெடுத்தது இதற்குக் காரணமல்ல. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுக் குறைவாக இருந்ததுதான் முதன்மையான காரணம். துளி விழுந்த நேரங்கள் அவர் கண்ணால் பார்த்தவை, அவை சரி. பாகுநிலை வெளியிலிருந்து கொண்டுவந்த எண், அது தவறு. நேரங்கள் தனியே பதிவாகியிருந்தால் பாகுநிலையை மாற்றி மறுபடி கணக்கிடலாம். கணக்கின் விடை மட்டும் பதிவாகியிருந்தால் அத்தனை உழைப்பும் அந்த ஒரு தவறான எண்ணோடு சேர்ந்து போயிருக்கும். தரம்பார்க்கும் மேசையிலும் இதே நிலைதான். காரத்தின் செறிவில் பின்னால் ஒரு பிழை தெரியவந்தால், பியூரெட் அளவீடுகள் ஏட்டில் இருப்பவருக்கு அது அரைமணி நேரக் கணக்கு. சதவீதத்தை மட்டும் எழுதியவர் மீண்டும் வினிகர் வாங்கப் போக வேண்டும்.

இனி வினிகருக்குத் திரும்பலாம். 10 மி.லி. வினிகரைத் திட்டக் குடுவையில் 100 மி.லி. ஆக்கி, அதிலிருந்து பிப்பெட்டால் எடுத்துத் தரம்பார்த்ததில் காரம் 18.85, 18.90, 18.85 மி.லி. இறங்கியது. சராசரி 18.87. காரத்தின் செறிவு 0.09929 என்று முன்பே தெரியும். இப்போது விடை சொல்லலாமா? முடியாது. பிப்பெட் எத்தனை மி.லி. என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகத்தில் 20 மி.லி. பிப்பெட்டும் 25 மி.லி. பிப்பெட்டும் ஒரே தாங்கியில் நிற்கும். 25 என்றால் வினிகரில் அசெட்டிக் அமிலம் 100 மி.லி.க்கு 4.50 கிராம். 20 என்றால் 5.63 கிராம். கடை வினிகரில் இரண்டும் நம்பக்கூடிய விடைகளே. அளவீடுகளை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எது சரி என்று அவற்றால் சொல்ல முடியாது, ஏனென்றால் மூன்று முறையும் அதே பிப்பெட்தான். 'பிப்பெட் 25 மி.லி.' என்று எழுத மூன்று வினாடி ஆகும். அது இல்லாவிட்டால் ஒரு காலை முழுவதும் செய்த வேலையிலிருந்து ஓர் அறிக்கைகூட வராது.

இதே வகையில் விட்டுப்போகும் வேறு சில எண்களும் உண்டு: வினிகர் பாட்டிலின் தொகுதி எண், திறந்த தேதி, எத்தனை மடங்கு நீர் சேர்த்தது, எந்தத் தராசு, அறை வெப்பநிலை. எல்லாவற்றையும் எழுதினால் ஏடு பெருத்துவிடும் என்ற கவலை நியாயமானது. எதை எழுத வேண்டும் என்று தீர்மானிக்க ஓர் எளிய வழி, கணக்கின் சூத்திரத்தை முதலிலேயே இடப்பக்கத்தில் எழுதிவிடுவது. சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கத்தில் ஓர் எண்ணும், அந்த எண் வந்த கருவியின் பெயரும் இருக்க வேண்டும். வினிகருக்கு அது இப்படி இருக்கும்:

```
அசெட்டிக் அமிலம் (கி / 100 மி.லி.)
  = V(NaOH) × M(NaOH) × 60.05 × (100/10)
    ÷ V(பிப்பெட்) ÷ 10
```

V(பிப்பெட்) என்ற இடம் காலியாக நிற்பது, அதை எழுதாமல் ஆய்வகத்தை விட்டுப் போகவிடாது. M(NaOH)-க்கு எதிரே எண்ணை மட்டும் எழுதாமல், அது கணக்கிடப்பட்ட பக்க எண்ணையும் எழுத வேண்டும்: '0.09929, பக்கம் 14'. ஏட்டுக்குள் முன்னும் பின்னும் போய்வர இந்தப் பக்க எண்கள்தான் பாலம். மைக்கேல் ஃபாரடே 1832-இலிருந்து தம் ஆய்வு நாட்குறிப்பின் பத்திகளுக்குத் தொடர் எண் கொடுத்து வந்தார். அந்த வரிசை 16041 வரை போனது. ஒரு சோதனையை எழுதும்போது, பழைய சோதனையை அதன் எண்ணைச் சொல்லியே அவரால் குறிக்க முடிந்தது.

கணினியில் நேரடியாகத் தரவு சேரும் சோதனைகளில் ஏட்டின் வேலை சற்று மாறும். நிறமாலைமானி ஆயிரக்கணக்கான எண்களைக் கோப்பாகத் தரும்போது அவற்றைக் கையால் எழுத முடியாது. ஏட்டில் எழுதவேண்டியது கோப்பின் பெயர், அது இருக்கும் இடம், கருவியின் அமைப்புகள், எந்த மாதிரி என்பது. கோப்பின் பெயர் ஏட்டின் பக்கத்தைச் சொல்லும்படி `2025-02-11_p14_run3.csv` என்பதுபோல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது. 'final', 'final2', 'new' என்று பெயரிட்ட கோப்புகளில் எது எது என்று ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே தெரியாது. கருவி தந்த மூலக் கோப்பைத் திறந்து அதிலேயே வரிகளை நீக்குவது, காகிதத்தில் அழிப்பானைப் பயன்படுத்துவதற்குச் சமம். நகலெடுத்து நகலில் வேலை செய்து, எந்த வரிகள் ஏன் நீக்கப்பட்டன என்று ஏட்டில் எழுத வேண்டும்.

நாளின் முடிவில் இரண்டு வேலை மீதம். எழுதி முடித்த இடத்துக்குக் கீழே காலியாக இருக்கும் பகுதியில் குறுக்குக் கோடு போட்டு, கையொப்பமும் தேதியும் இடுவது. பின்னால் எதுவும் நுழைக்க இடமில்லாமல் போகும். காப்புரிமையோ தரக்கட்டுப்பாடோ சம்பந்தப்பட்ட ஆய்வகங்களில் சோதனையில் பங்கேற்காத ஒருவர் படித்துப் பார்த்துச் சாட்சிக் கையொப்பமும் இடுவார். இன்னொன்று, அன்றைய நாளைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியம் எழுதுவது: கிடைத்தது என்ன, சந்தேகம் எதில், நாளை எதை மறுபடி செய்ய வேண்டும். இது கருத்து, அளவீடுகளோடு கலக்காமல் தனிப் பத்தியாக இருக்க வேண்டும். 'உலர்த்தும் நேரம் குறைந்தது. உப்பில் ஈரம் இருந்திருந்தால் காரத்தின் செறிவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். மீதி உப்பை மீண்டும் உலர்த்தி ஒரு முறை பார்க்க வேண்டும்' என்ற வகையான பத்தி, அறிக்கையின் விவாதப் பகுதியில் பாதியை அன்றே எழுதிவிட்டதற்குச் சமம்.

அறிக்கை எழுதும்போது வேலை எதிர்த்திசையில் நடக்கும். செய்முறைப் பகுதி வலப்பக்கத்திலிருந்து வருகிறது, இடப்பக்கத்திலிருந்து அல்ல. உலர்த்திய நேரம் 2 மணி அல்ல, 1 மணி 20 நிமிடம். அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏட்டின் பக்க எண் வரைவின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கப்படுகிறது. குறிக்க முடியாத எண் அறிக்கையிலிருந்து போகிறது. குமிழி ஒரு வாக்கியமாகிறது. அடித்த எண்களும் எழுத்துப்பிழைகளும் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன. அறிக்கைக்கு அவை தேவையில்லை, கேட்பவருக்குக் காட்டத்தான் தேவை. எழுதி முடித்ததும், சோதனையின்போது உடன் இல்லாத ஒரு சக மாணவரிடம் ஏட்டை மட்டும் கொடுத்து வினிகரின் சதவீதத்தைக் கணக்கிடச் சொல்லிப் பார்க்கலாம். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் 4.50 என்ற எண்ணுக்கு வந்தால் ஏடு சரியாக இருக்கிறது. 'பிப்பெட் எத்தனை?' என்று கேட்டால், அந்த வரி எந்தப் பக்கத்தில் விட்டுப்போனது என்று அப்போதே தெரிந்துவிடும்.